எண்பத்தைந்தாயிரம் ரூபாய் டிப்ளமோவும் கோர்ட் வாசலும்



போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வந்திருந்த எல்லோருக்கும் தெரியும், நான் பாதியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். "டீச்சருக்கு என்ன கோபம்?" என்று இரண்டு பேர் போன் செய்து கேட்டுவிட்டார்கள். கோபம்தான். விசேஷ வீட்டில் வாயைத் திறக்க வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். இங்கே அடக்கப் போவதில்லை.

என் சித்தப்பா பேரன் பி.காம். முடித்திருக்கிறான். அப்பா இல்லை. அம்மா தையல் மிஷின். பையனுக்குச் சட்டத்தில் ஆசை. அவன் கையில் ஒரு வழவழப்பான நோட்டீஸ். பாராலீகல் டிப்ளமோவாம், ஒரு வருஷம், கட்டணம் எண்பத்தைந்தாயிரம். "நீதிமன்றங்களிலும் சட்ட அலுவலகங்களிலும் உடனடி வேலைவாய்ப்பு" என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருக்கிறது. அவன் அம்மா வளையலை வைத்துப் பணம் கட்டப் போகிறாளாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் (பெயர் சொல்லவில்லை, படித்துக்கொண்டிருப்பார்) "நல்ல விஷயம்தானே, வக்கீலுக்குப் படிக்கப் பல லட்சம் ஆகும், இது கம்மியில் முடிகிறது" என்கிறார். எதிர்ப்பக்கம் அத்தை ஒருத்தி, "குமாஸ்தா வேலைக்கா பையனைப் படிக்க வைத்தோம்? கடன் வாங்கியாவது வெளிமாநிலத்தில் சீட் வாங்கி வக்கீலாக்கு" என்கிறாள்.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. இரண்டு தப்பும் சேர்ந்தால் ஒரு வீட்டின் நகை போய்விடும்.

முதலில் அந்த டிப்ளமோ. அமெரிக்காவில் பாராலீகல் என்பது ஒரு தொழில். வக்கீல் நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்கின்றன, அதற்கென்று படிப்பு இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே இறக்கிவிட்டார்கள், வேலையை இறக்கவில்லை. நம் மாவட்ட நீதிமன்றத்தில் 'பாராலீகல்' என்று ஒரு பதவி கிடையாது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் ஒரே அரசு அர்த்தம், சட்டப் பணிகள் ஆணைக்குழு பயிற்சி கொடுத்து நியமிக்கும் சட்டத் தன்னார்வலர். ஏழைகளுக்கு மனு எழுத உதவுவது, இலவச சட்ட உதவிக்கு வழிகாட்டுவது அவர்கள் வேலை. நல்ல காரியம், நானே இரண்டு பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்தப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. வேலை செய்த நாளுக்கு மதிப்பூதியம் உண்டு, மாதச் சம்பளம் இல்லை. பெயரிலேயே தன்னார்வலர் என்று இருக்கிறது.

சென்னையில் வெளிநாட்டு வழக்குகளின் ஆவணங்களைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும் கம்பெனிகள் இருப்பது எனக்குத் தெரியும். அங்கே வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பார்ப்பது ஆங்கிலத்தை, பெரும்பாலும் எடுப்பது எல்.எல்.பி. முடித்தவர்களை. தையல் மிஷின் வீட்டுப் பையனின் எண்பத்தைந்தாயிரம் டிப்ளமோவுக்கு அங்கேயும் கதவு திறப்பது சந்தேகம்.

இதைச் சோதிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. நோட்டீஸ் கொடுத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கல்வித் தகுதி என்ற இடத்தில் இந்த டிப்ளமோவின் பெயர் அச்சாகியிருக்கும் ஓர் அரசு அறிவிக்கையைக் காட்டுங்கள்." நான் அந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "மேடம், எங்க ஸ்டூடன்ட்ஸ் நிறைய பேர் ப்ளேஸ் ஆகியிருக்காங்க" என்றார். அறிவிக்கை எங்கே என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

சரி, கோர்ட்டுக்குள் நுழைய என்னதான் வேண்டும்? இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று டிஎன்பிஎஸ்சி. நீதிமன்ற அமைச்சுப் பணியில் இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் எல்லாம் குரூப் 4 வழியாகத்தான் வருகிறார்கள். இன்னொன்று சென்னை உயர் நீதிமன்றமே மாவட்ட நீதிமன்றங்களுக்காக நடத்தும் தேர்வு. mhc.tn.gov.in தளத்தில் அறிவிப்பு வரும். எக்ஸாமினர், ரீடர், அமீனா, ஜெராக்ஸ் ஆபரேட்டர், அலுவலக உதவியாளர் என்று பல பதவிகள் அதில் உண்டு. பலவற்றுக்குப் பத்தாம் வகுப்புதான் அடிப்படைத் தகுதி. விண்ணப்பிக்க டிப்ளமோ வேண்டாம், சிபாரிசு வேண்டாம்.

"குரூப் 4க்குப் பல லட்சம் பேர் எழுதுகிறார்களே டீச்சர்" என்பீர்கள். ஆமாம், எழுதுகிறார்கள். அதனால்தான் டைப்பிங் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்பிங் பாஸாகியிருக்க வேண்டும். இரண்டும் ஹையர் என்றால் நல்லது, இல்லையென்றால் ஒன்று ஹையர், ஒன்று லோயர். கூடவே கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ், அதுதான் சிஓஏ. இதெல்லாம் கையில் இருப்பவர்கள் அந்தப் பல லட்சத்தில் ஒரு பகுதிதான். நீங்கள் போட்டியிடும் கூட்டம் அந்த இடத்திலேயே சுருங்கிவிடுகிறது. சுருக்கெழுத்தும் தெரிந்தால் இன்னும் சுருங்கும். நீதிபதி தீர்ப்பைச் சொல்லச் சொல்ல எழுதி எடுக்க ஆள் வேண்டும், அந்த ஆள் கிடைப்பது கஷ்டம். சுருக்கெழுத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் வேகம் வர வருஷக்கணக்கில் கை தேய வேண்டும்.

டைப்பிங் தேர்வு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துவது, வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து இன்ஸ்டிட்யூட்டில் மாதம் சில நூறு ரூபாய் கட்டி, தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அந்த எண்பத்தைந்தாயிரத்தில் தெருவிலிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஹையர் வரை படிக்க வைத்துவிடலாம். மஞ்சள் எழுத்து நோட்டீஸ் அடிக்க டைப்பிங் வாத்தியாரிடம் காசில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அத்தைக்கு வருகிறேன். "குமாஸ்தா வேலையா?" என்று முகத்தைச் சுளித்தீர்களே. உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். நம் குடும்பத்தில் பலருக்கு இது தெரியாது.

அப்பாவின் நில வழக்கு நினைவிருக்கும். முன்சீப் கோர்ட்டில் நமக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது 2015 ஜூன் 10ஆம் தேதி, புதன்கிழமை. சப்-கோர்ட்டில் அப்பீல் போட முப்பது நாள் அவகாசம். வீட்டில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தோம். வக்கீல் ஊரில் இல்லை. அடுத்த புதன், 17ஆம் தேதி, அவருடைய குமாஸ்தா தானாகவே தீர்ப்பு நகலுக்கும் டிக்ரி நகலுக்கும் நகல் மனு போட்டார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நகல் மனு போட்டால் அன்றைக்கே கையில் கொடுத்துவிட மாட்டார்கள். எத்தனை பக்கம் வரும் என்று பார்த்து, இவ்வளவு ஸ்டாம்ப் தாள் கட்டு என்று நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள். அந்தப் பட்டியலை யாரும் உங்களுக்குத் தபாலில் அனுப்புவதில்லை. தினமும் போய்ப் பார்க்க வேண்டும். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனுவை அடித்துவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். நமக்கு 24ஆம் தேதி பட்டியல் வந்தது, 26ஆம் தேதி அவர் கட்டிவிட்டார். அதன் பிறகு நகல் எடுப்பார்கள். ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் நகலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். மேலே சொன்னேனே ரீடர், எக்ஸாமினர் பதவிகள், அவர்கள் வேலை அதுதான். ஜூலை 3ஆம் தேதி நகல் தயாரானது, அன்றைக்கே வாங்கிவிட்டார்.

இனிதான் விஷயம். வக்கீல் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஜூனியர் ஒருவர் இருந்தார். நல்ல பையன், பட்டமெல்லாம் பெரிது. அப்பா அவரிடம் "கடைசித் தேதி எது தம்பி?" என்று கேட்டார். "நகல் வாங்கினது ஜூலை 3. அதிலிருந்து முப்பது நாள். ஆகஸ்ட் 2 ஞாயிறு வருது, 3ஆம் தேதி திங்கள் போட்டால்கூடப் போதும்" என்றார். அப்பாவும் நிம்மதியாக வந்துவிட்டார்.

சாயங்காலம் குமாஸ்தா வீட்டுக்கே வந்தார். "ஐயா, ஜூலை 27க்கு மேல ஒரு நாளும் கிடையாது" என்றார். நான் கணக்கு டீச்சர் இல்லையா, எப்படி என்று கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக் காட்டினார். தீர்ப்பு சொன்ன நாள் கணக்கில் சேராது. ஜூன் 11இலிருந்து 16 வரை ஆறு நாள், அது நாம் சும்மா இருந்த நாள், அது செலவு. 17ஆம் தேதி மனு போட்டதிலிருந்து ஜூலை 3ஆம் தேதி நகல் தயாரான வரைக்கும் பதினேழு நாள். அது கோர்ட் எடுத்துக்கொண்ட நேரம். காலவரம்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அதைக் கழித்துவிடுகிறது. முப்பதில் ஆறு போனால் மிச்சம் இருபத்துநான்கு. ஜூலை 4இலிருந்து எண்ணினால் 27ஆம் தேதி திங்கள்கிழமையோடு முடிகிறது. ஜூனியர் செய்த தப்பு என்னவென்றால், நாம் சும்மா இருந்த அந்த ஆறு நாளையும் இலவசமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டம் அதைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

நான் விடவில்லை. "ஸ்டாம்ப் ரெண்டு நாள் கழிச்சு கட்டினீங்களே, அது?" என்று கேட்டேன். "அது கெடுவுக்குள்ளதானேம்மா. கெடு தாண்டிக் கட்டினா அந்த நாளெல்லாம் நம்ம தலையில விழும்" என்றார். "மனுவையே முப்பது நாள் முடிஞ்ச பிறகு போட்டிருந்தா?" என்றேன். "அப்போ கழிக்க ஒண்ணுமே இல்லை. செத்த பிறகு மருந்து வாங்கின கணக்கு" என்றார்.

ஆகஸ்ட் 3ஆம் தேதி போட்டிருந்தால் ஏழு நாள் தாமதம். தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், அவர்கள் ஆட்சேபம், அதற்கே வாய்தா மேல் வாய்தா. அது தள்ளுபடியானால் அப்பீலே கிடையாது. அப்பீல் ஜூலை 24, வெள்ளிக்கிழமை தாக்கலானது. நகலின் பின்பக்கம் மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, தயாரான தேதி, வாங்கிய தேதி என்று வரிசையாக முத்திரை இருக்கும். உங்கள் வீட்டில் ஏதாவது பழைய தீர்ப்பு நகல் இருந்தால் திருப்பிப் பாருங்கள். அந்த நான்கைந்து வரியைப் படிக்கத் தெரிந்தவர்தான் நல்ல குமாஸ்தா.

அந்த நிலம் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்று அத்தைக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அத்தையின் பங்கும் அதில்தான் இருக்கிறது. அந்த குமாஸ்தா படித்தது பத்தாம் வகுப்பு.

ஆனால் நான் அந்தத் தொழிலுக்குப் பல்லாக்குத் தூக்கவும் வரவில்லை. வக்கீல் குமாஸ்தா வேலை வேறு, கோர்ட் ஊழியர் வேலை வேறு. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கோர்ட் ஊழியர் அரசு ஊழியர். சம்பள விகிதம் உண்டு, பதவி உயர்வு உண்டு, இளநிலை உதவியாளராக நுழைந்தவர் தலைமை எழுத்தர், சிரஸ்தார் என்று ஏறலாம். வக்கீல் குமாஸ்தா ஒரு தனி மனிதரிடம் வேலை செய்கிறார். வக்கீல் கொடுப்பது சம்பளம், கட்சிக்காரர் கொடுப்பது மேல் வரும்படி. வக்கீலுக்கு உடம்பு முடியாமல் போனால் குமாஸ்தா வீட்டில் அடுப்பு அணைகிறது. நான் சொன்ன அந்த மனிதர் முப்பத்தைந்து வருஷம் ஒரே ஆபீஸில் இருந்தார். வக்கீல் காலமானதும் மகன் சென்னைக்குப் போய்விட்டார். இவர் கையில் கிடைத்தது ஒரு சால்வை. குமாஸ்தாக்களுக்கு நல நிதிச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது, அதில் உறுப்பினராகச் சேர வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கெடு எண்ணிச் சொன்னவர்!

வக்கீலாக இருக்கும் என் மாணவர்கள் பதினோரு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் குமாஸ்தாவுக்கு மாதம் ஒரு நிலையான தொகை கொடுக்கிறீர்களா, இல்லை "கட்சிக்காரர்கிட்ட வாங்கிக்கோ" என்று விட்டுவிடுகிறீர்களா? அடையாள அட்டை எடுத்துக் கொடுத்தீர்களா? நல நிதியில் சேர்த்தீர்களா? கட்சிக்காரரிடம் வாங்கிக்கொள் என்று ஒரு மனிதரைத் தள்ளிவிட்டால் அவர் எங்கே போய் நிற்பார் என்று உங்களுக்குத் தெரியாதா? கோர்ட் வாசலில் கேஸ் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் தரகர்களைத் தடுக்க 2023இல் வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே புதிதாகப் பிரிவு சேர்த்திருக்கிறார்கள். அதில் முதலில் மாட்டப் போவது உங்களைப் போன்ற கறுப்புக் கோட்டு இல்லை.

இன்னொன்று, இந்த வேலையே மாறிக்கொண்டிருக்கிறது. முன்பு அடுத்த வாய்தா எப்போது என்று குறித்து வருவதே பாதி வேலை. இப்போது வழக்குக்கு பதினாறு இலக்க சிஎன்ஆர் எண் இருக்கிறது, கட்சிக்காரரே services.ecourts.gov.in தளத்தில் போட்டுப் பார்த்துக்கொள்கிறார். மனுவை ஸ்கேன் செய்து இணையத்தில் தாக்கல் செய்கிறார்கள். தேதி குறிப்பது மட்டும் தெரிந்தவருக்கு இனி வேலை இல்லை. பக்கம் எண் போட்டு, ஆவணப் பட்டியல் சரியாக வைத்து, கோர்ட் கட்டணம் சரியாகக் கணக்கிட்டு, மனு ரிட்டர்ன் ஆகாமல் தாக்கல் செய்யத் தெரிந்தவரைத் தேடி அலைகிறார்கள். டைப்பிங் தெரிந்த, கம்ப்யூட்டர் தெரிந்த பெண் பிள்ளைகள் இதில் நுழையலாம் என்பது என் எண்ணம். நம் ஊர் கோர்ட்டில் பெண் குமாஸ்தா ஒருவர்கூட இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

அடுத்து, எல்லாரும் சொல்லும் அந்தப் பெரிய பொய். "முதலில் கோர்ட்டில் ஏதாவது வேலையில் சேர், வேலை பார்த்துக்கொண்டே எல்.எல்.பி. முடித்து வக்கீலாகிவிடலாம்." கேட்க இனிப்பாக இருக்கிறது. வக்கீலாகப் பதிவு செய்ய உதவும் சட்டப் படிப்பு பகல் நேர நேரடிப் படிப்புதான். தபாலில் கிடையாது. எழுபது சதவீத வருகை வேண்டும். காலை பத்து மணிக்கு கோர்ட்டிலும் கல்லூரியிலும் ஒரே உடம்பு எப்படி இருக்கும்? என் மாணவன் ஒருவன் இருந்தான். சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்துகொண்டே, வெளிமாநிலத்தில் ஒரு லெட்டர்பேட் கல்லூரியில் பணம் கட்டினான். பரீட்சைக்கு மட்டும் ரயிலேறினான். வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு வந்தது. பட்டமும் வந்தது. பதிவு செய்யப் போன இடத்தில் கேட்டார்கள்: "படித்த மூன்று வருஷமும் நீ எங்கே வேலை பார்த்தாய்?" இங்கே ஆபீஸ் வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்து, அங்கே கல்லூரிப் பதிவேட்டிலும் கையெழுத்து. பட்டம் பெட்டிக்குள் போனது. வேலைக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அத்தை சொன்ன 'வெளிமாநில சீட்' பல நேரம் இதுதான். கடன் வாங்கி இதைத்தான் வாங்கச் சொல்கிறீர்கள்.

இதோடு இன்னொரு பள்ளமும் உண்டு. பிளஸ் டூ படிக்காமல் நேராகத் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் டிகிரி வாங்கியவர்களுக்கு மூன்று வருஷ எல்.எல்.பி. கதவு மூடியிருக்கிறது. பத்து, பிளஸ் டூ, டிகிரி என்று வரிசையாக வந்திருக்க வேண்டும். சேரும் முன்னால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், பணம் கட்டிய பிறகு பார்க்காதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏழைப் பையன் வக்கீலாகவே கூடாது என்கிறேனா? அப்படி ஒருவர் முடிவு கட்டினால் முதலில் சண்டைக்கு வருபவள் நான்தான். வக்கீல் படிப்புக்குப் பல லட்சம் ஆகும் என்ற பேச்சே அரைகுறை. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரசு சட்டக் கல்லூரிகள் நம் மாநிலத்தில் பல ஊர்களில் இருக்கின்றன. தனியாரோடு ஒப்பிட்டால் அங்கே கட்டணம் பேருக்குத்தான். படித்து முடித்துப் பதிவு செய்ய முன்பு பார் கவுன்சில்கள் ஆளுக்கொரு தொகை வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. சட்டத்தில் சொன்னபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது.

ஆகவே செலவு படிப்பில் இல்லை. படித்து முடித்த பிறகு வரும் நான்கைந்து வருஷத்தில் இருக்கிறது. ஜூனியராகச் சேர்ந்தால் கையில் என்ன கிடைக்கும்? பல ஆபீஸில் பஸ் காசு. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது இருபதாயிரம், மற்ற ஊர்களில் பதினைந்தாயிரம் ஜூனியர்களுக்குக் கொடுக்கச் செய்ய வேண்டும் என்று பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நம் ஊரில் எத்தனை ஜூனியர் கையில் அந்தப் பதினைந்தாயிரம் வருகிறது என்று அந்தப் பதினோரு பேரும் கமெண்டில் எழுதுங்கள், பார்ப்போம். வீட்டில் அரிசி வாங்க ஆள் இருக்கும் பிள்ளை அந்த வருஷங்களைத் தாண்டிவிடுகிறான். தையல் மிஷின் வீட்டுப் பிள்ளை தாண்டுவதற்குள் தங்கைக்குக் கல்யாண வயது வந்துவிடுகிறது. இதைக் கணக்கில் வைக்காமல் "வக்கீலாக்கு" என்பது சுலபம், அத்தை. கடன் உங்கள் பெயரில் இல்லை.

அதனால் அந்தப் பையனை நேற்று வீட்டுக்கு வரச் சொல்லி நேரடியாகக் கேட்டேன். "உனக்குக் கோர்ட்டில் நின்று வாதாட வேண்டுமா, இல்லை சட்டம் நடக்கும் இடத்தில் கௌரவமாக ஒரு வேலை வேண்டுமா? இரண்டும் ஒன்றில்லை." கோர்ட் ஊழியராகவோ குமாஸ்தாவாகவோ எத்தனை வருஷம் இருந்தாலும் வாதாடும் உரிமை வராது. பதிவு செய்யாமல் வாதாடினால் ஆறு மாதம் வரை சிறை என்று வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மா மிஷின்ல இருந்து எழுந்திரிக்கணும் டீச்சரம்மா, அதுக்கப்புறம்தான் மத்தது" என்றான்.

அப்படியானால் அவன் வழி இது. டைப்பிங் தமிழும் ஆங்கிலமும் லோயர் வரும் பிப்ரவரியில், பிறகு ஹையர், நடுவில் சிஓஏ. குரூப் 4க்குத் தமிழ்ப் பகுதியை நான் பார்த்துக்கொள்ள முடியாது, கணக்குப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். உயர் நீதிமன்ற அறிவிப்பு வந்தால் அதையும் எழுத வேண்டும். வேலை கிடைக்கும் வரை மதியம் மூன்று மணிக்கு மேல் நம் பழைய மாணவி ஒருத்தியின் வக்கீல் ஆபீஸில் உட்காரட்டும். மாதம் ஆறாயிரம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது என்பது என் நிபந்தனை, அவளும் சரி என்றாள். இரண்டு மூன்று வருஷத்தில் எதுவும் அமையாமல், ஆசையும் குறையாமல் இருந்தால் அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடட்டும், முழு நேரமாக. டிகிரி அவன் கையில் இருக்கிறது, அது எங்கேயும் போய்விடாது.

வளையல் அவன் அம்மா கையிலேயே இருக்கிறது, இன்று காலை பார்த்துவிட்டு வந்தேன்.

டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு முதல் மூன்று மாதப் பணம் நான் கட்டிவிட்டேன். ஹையருக்கும் சிஓஏவுக்கும் யாராவது ஏற்றுக்கொள்கிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அந்த நோட்டீஸ் உங்கள் தெருவுக்கும் வந்திருந்தால் அதையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், யார் யார் வீட்டில் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.